சன்னல் இருக்கை வாசிப்பு மூலை: தரையில் விழும் வெயில் எரிந்துபோகாமல் எடுப்பது எப்படி?

கவின்மனை (கோவை)

வணக்கம். நான் இன்டீரியர் வேலை செய்கிறேன். வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் கிழக்குச் சன்னலை ஒட்டி உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஒரு மூலை செய்து கொடுத்திருக்கிறோம். சன்னலுக்கு அடியில் 45 செ.மீ. உயரத்தில் இருக்கை, அகலம் 60 செ.மீ., இரண்டு பக்கமும் தரையிலிருந்து லிண்டல் வரைக்கும் புத்தக அலமாரி. தரை ரெட் ஆக்சைடு, மெழுகு போட்டுத் தேய்த்தது. காலையில் வெயில் கிரில் வழியாக வந்து தரையில் ஒரு குளம் மாதிரி தேங்கி நிற்கும். அந்த வீட்டு அம்மாவுக்கு இந்த மூலையில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

பிரச்சினை படம் எடுப்பதில். பொங்கலுக்கு அடுத்த வாரம் காலை 9 மணி வாக்கில் எடுத்தோம். அலமாரியில் புத்தகங்கள் தெரிகிற மாதிரி எடுத்தால் தரையில் வெயில் விழுகிற இடம் வெளுத்துப் போகிறது, கிரில் நிழல்கூட கரைந்துவிடுகிறது. தரைக்குப் பார்த்து எடுத்தால் அலமாரி முழுக்க இருட்டு. மெத்தைகளில் இரண்டு வெள்ளை, இரண்டு கடுகு மஞ்சள், வெள்ளையும் போய்விடுகிறது. கேமரா ஃபுல் ஃபிரேம், டிரைபாட் உண்டு, ராவில்தான் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

தையல்நிலா

மெத்தை உறை வெளுப்பது பற்றி நான் சொல்கிறேன், எங்கள் தொழிலே அதுதான். சன்னல் இருக்கைக்குச் சாதாரணக் காட்டன் போட்டால் வெயில் படுகிற பக்கம் மட்டும் நிறம் இறங்கிவிடும், திருப்பிப் போட்டால் இரண்டு நிறமாகத் தெரியும். கண்ணாடியில் புற ஊதாக் கதிர் தடுக்கிற ஃபிலிம் ஒட்டினால் குறையும், ஆனால் நிற்காது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும். நூல் உருவாகும்போதே நிறம் சேர்த்த அக்ரிலிக் துணி கிடைக்கிறது, வெளிப்புற நாற்காலிகளுக்குப் போடுவது, அது நன்றாகத் தாங்கும். கடுகு மஞ்சளைவிட வெள்ளைக்கு இந்தக் கவலை குறைவு.

சுடர்_மதுரை

தையல்நிலா அக்கா, அவர் படத்தில் வெளுப்பதைப் பற்றிக் கேட்கிறார், துணியைப் பற்றி இல்லை.

கவின்மனை, இதற்கு எச்.டி.ஆர். தான் வழி. டிரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து ஃபிரேம் அடியுங்கள், லைட்ரூமில் மெர்ஜ் கொடுங்கள், முடிந்தது. கல்யாண மண்டபத்தில் சன்னல் பக்கம் இதைத்தான் செய்கிறேன். அது வேண்டாம் என்றால் சன்னலில் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள், வெளிச்சம் பரவி காண்ட்ராஸ்ட் இறங்கிவிடும்.

கவின்மனை (கோவை)

மெர்ஜ் செய்து பார்த்தேன் சுடர். புத்தகங்கள் வந்துவிட்டன, ஆனால் தரையில் வெயில் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது. வெயில் என்றே தோன்றவில்லை. நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் எந்த ஃபிரேமிலும் முழுசாகப் போகவில்லை, மிகக் குறைந்த எக்ஸ்போஷரில்கூட அது அப்படியே நிற்கிறது.

தையல்நிலா, உங்கள் தகவலும் பயன்தான், அடுத்த உறைக்கு அந்தத் துணியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

பழைய நெகட்டிவ்

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். எந்த ஃபிரேமிலும் போகாத வெள்ளைத் திட்டு என்றால் அது தரையின் நிறம் இல்லை, மெழுகுப் பளபளப்பில் சூரியனே பிரதிபலிப்பது. அதை எத்தனை ஃபிரேம் அடித்தாலும் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அழகாக இருக்காது.

சில கேள்விகள். நீங்கள் நின்றது அறையின் எந்த மூலை? சன்னலைப் பார்த்து நிற்கும்போது இடமா வலமா? கேமரா எவ்வளவு உயரம்? அப்புறம் அந்தத் திட்டைச் சுற்றி இருக்கிற வெயில், சிவப்பாகவே இருக்கிறதா, ஆரஞ்சாக மாறியிருக்கிறதா?

கவின்மனை (கோவை)

சன்னலைப் பார்த்தால் இடது பின் மூலை, அதாவது வடமேற்கு. உயரம் 1.2 மீட்டர் இருக்கும். ஆமாம், வெயில் விழுகிற இடம் ஆரஞ்சாகத்தான் தெரிகிறது! வெயில் நிறம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பழைய நெகட்டிவ்

சரி, அப்படியென்றால் உங்களுக்கு ஒரு பிரச்சினை இல்லை, மூன்று இருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிவதால் எல்லாவற்றையும் எக்ஸ்போஷரிலேயே சரி செய்யப் பார்க்கிறோம், அதில்தான் நேரம் போகிறது.

முதலில் அந்தத் திட்டு. ஜனவரியில் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும், வெளிச்சம் அறைக்குள் வடமேற்காகப் போகும். நீங்கள் நின்றதும் வடமேற்கு மூலை. வெயில் மெழுகுத் தரையில் பட்டுத் தெறித்து நேராக உங்கள் லென்ஸுக்கே வருகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். அதே இடத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். வெள்ளைத் திட்டு உங்களோடு நகர்ந்தால் அது பிரதிபலிப்பு. வெயில் குளத்தின் ஓரமும் கிரில் நிழலும் நகராது, அவை தரையில் இருப்பவை.

கேமராவைத் தூக்கி வலது பக்கம், தென்மேற்கு மூலைக்குக் கொண்டு போங்கள். வெயில் இடது பக்கமாகச் சாய்ந்து விழும், சன்னலின் பிரதிபலிப்பு கேமராவுக்கும் சன்னலுக்கும் நேரான கோட்டில் வலது பக்கம் இருக்கும். இரண்டும் பிரிந்துவிடும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மிச்சமிருக்கிற மினுமினுப்புக்குப் போலரைசர். கேமரா 1.2 மீட்டர் உயரத்தில் இருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிற தரையைப் பார்த்தால் தரையோடு ஏறக்குறைய 30 டிகிரி கோணம் வரும். மெழுகு, கண்ணாடி, தண்ணீர் மாதிரிப் பரப்புகளில் போலரைசர் நன்றாக வேலை செய்வது 35 டிகிரி பக்கத்தில்தான், அதனால் உங்களுக்கு அருமையாக அமையும். கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கினால் அதன் பலன் குறைந்துகொண்டே போகும். ஆனால் முழுசாகத் திருப்பிவிடாதீர்கள். மினுமினுப்பு மொத்தமும் போனால் தரை காய்ந்த மண் மாதிரி ஆகிவிடும், மெழுகு போட்டுத் தேய்த்த உழைப்பே படத்தில் இருக்காது. முழுசாகப் போகும் இடம் வரை திருப்பிவிட்டு அங்கிருந்து கொஞ்சம் திரும்பி வாருங்கள்.

இரண்டாவது, அந்த ஆரஞ்சு. கேமரா திரையில் நீங்கள் பார்ப்பது ஜேபெக் முன்னோட்டம். பகல் வெளிச்ச ஒயிட் பேலன்ஸில் கேமரா சிவப்புச் சேனலை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்கும், மேலே பிக்சர் ஸ்டைல் வேறு நிறத்தை ஏற்றும். ரெட் ஆக்சைடு மாதிரி நல்ல சிவப்பில் சிவப்புச் சேனல் உச்சத்தில் முட்டி நிற்கும், பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும், அதனால் சிவப்பு ஆரஞ்சாகிறது. ராவில் பார்த்தால் அதே இடத்தில் சிவப்பு பாதிதான் நிரம்பியிருக்கும். அதாவது உங்கள் தரை அனேகமாக எரியவே இல்லை, திரை பயமுறுத்துகிறது. பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள், ஒற்றை ஹிஸ்டோகிராமுக்குப் பதிலாக மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து டார்க்டேபிளில் திறந்தால் ராவில் நிஜமாகவே முட்டிய இடத்தை மட்டும் தனியாகக் காட்டுகிற வசதி இருக்கிறது, அது இலவசம்.

மூன்றாவது வெள்ளை மெத்தை. அது நிஜமாகவே எரிகிறது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

நிழற்கோணம்

நான் கட்டட வடிவமைப்பாளன். வெயில் கோணத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி இருக்கைகளில் தரையில் வெயில் விழுவதே கொஞ்ச நேரம்தான்.

கோவையில் ஜனவரி நடுவில் 9 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 29 டிகிரி உயரத்தில், கிழக்கிலிருந்து 30 டிகிரிக்குச் சற்று மேல் தெற்கே தள்ளி இருக்கும். சன்னலின் மேல் விளிம்பு 2.1 மீட்டர், வெளியே 60 செ.மீ. சன்ஷேடு என்று வைத்துக்கொண்டால், வெயில் உள்ளே சன்னலிலிருந்து 1.3 மீட்டரில் தொடங்கி 2.7 மீட்டர் வரை தரையில் விழும். முதல் 1.3 மீட்டரை இருக்கையே மறைத்துவிடுகிறது. 8 மணிக்குப் பார்த்தால் வெயில் இரண்டு மீட்டரில் தொடங்கி அறையின் எதிர்ச்சுவர் மேலேயே ஏறிவிடும், தரையில் குளம் என்று சொல்ல எதுவும் இருக்காது, நீளமான பட்டைதான். 10.30 ஆனால் இன்னும் மோசம். மேலே சன்ஷேடு வெட்டும், கீழே இருக்கை வெட்டும், தரையில் ஒன்றுமே இராது, வெயில் மொத்தமும் மெத்தை மேல் உட்கார்ந்திருக்கும்.

அதனால் உங்களுக்குக் கிடைப்பது எட்டரை முதல் ஒன்பதேமுக்கால் வரை. அதற்குள் குளம் நிமிடத்துக்கு இரண்டு செ.மீ. வேகத்தில் சன்னலை நோக்கிப் பின்வாங்கும். ஐந்து ஃபிரேமைத் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றும் ஆகாது. ஒரு ஃபிரேம் எடுத்து, மெத்தையைச் சரிசெய்து, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்து இரண்டையும் ஒட்டினால், நிழல் ஓரம் ஒரு சாண் நீளம் தள்ளி இரண்டாகத் தெரியும்.

ஜூன் மாதம் எடுத்தால் எல்லாம் மாறும், சூரியன் வடகிழக்கில் வரும், வெயில் வலது பக்கம் சாயும், கேமரா இடது மூலைக்குப் போக வேண்டும்.

வேம்படி (நாகர்கோவில்)

எனக்கும் இதே சிக்கல், ஆனால் தரை கிரீம் நிற விட்ரிஃபைட் டைல், சன்னல் மேற்கு. நான் ஃபோனில்தான் எடுக்கிறேன். பள்ளி முடிந்து வந்து மாலை நாலரைக்கு மகள் அங்கே உட்கார்ந்து படிப்பாள், அதை எடுக்க ஆசை. ஃபோன் தானாகவே எச்.டி.ஆர். போட்டு எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக ஆக்கிவிடுகிறது. சில நேரம் டைல் முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. போலரைசரை ஃபோனுக்கு முன்னால் பிடிக்கலாமா?

பழைய நெகட்டிவ்

வேம்படி, பிடிக்கலாம், வேலை செய்யும். கேமரா போலரைசர் ஒன்றை லென்ஸை மறைக்கிற மாதிரி ஒட்டிப் பிடித்துக்கொண்டு சுழற்றிப் பாருங்கள், திரையிலேயே தெரியும். ஆனால் உங்கள் டைல் கவின்மனையின் தரை மாதிரி இல்லை. கிரீம் டைல் தானே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும், ரெட் ஆக்சைடு அதில் நாலில் ஒரு பங்கு அனுப்பினால் பெரிது. அதனால் உங்களுக்குப் பிரதிபலிப்பை எடுத்தாலும் வெயில் பட்ட டைல் இரண்டு ஸ்டாப் கூடுதலாகவே இருக்கும். ஃபோனில் வெயில் பட்ட டைலைத் தொட்டுப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், அப்புறம் மகளின் முகம் கொஞ்சம் தெரிகிற வரைக்கும் மட்டும் மேலே ஏற்றுங்கள். அறை இருட்டாக வருவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு வெளிர் நிறப் பாயை வெயில் விழுகிற இடத்தில் போடலாமா என்றால் வேண்டாம், நிறம் ஆழமான ஜமுக்காளம் போடுங்கள். சிவப்பு, நீலக் கோடு போட்டது இருந்தால் அதுவே போதும், வெயில் விழுந்தது நன்றாகத் தெரியும், எரியாது.

இப்போது வெள்ளை மெத்தை. கவின்மனை, ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் அறை மாதிரியே ஒன்றில் நான் எடுத்த அளவுகள், உங்களுக்கு அரை ஸ்டாப் முன்னே பின்னே இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. வெயிலில் இருக்கிற தரைக்கு நடு சாம்பல் அளவு 1/160 நொடி. அலமாரிக்குள் அதே அளவுக்கு 1/2 நொடி. இடையில் ஆறு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். இது பெரிய இடைவெளி மாதிரித் தோன்றும், ஆனால் இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சார் ஒரே ராவில் இதைத் தாங்கும். 1/60 வைத்தால் தரை நடுவிலிருந்து ஒன்றரை ஸ்டாப்புக்குள் மேலே இருக்கும், அது பத்திரம். ரெட் ஆக்சைடு இயல்பிலேயே நடு சாம்பலைவிடச் சற்று இருண்டது என்பதால் இன்னும் பத்திரம். அலமாரி ஐந்து ஸ்டாப் கீழே கிடக்கும், அதை இரண்டரை மூன்று ஸ்டாப் தூக்கினால் போதும். நடு சாம்பல் வரைக்கும் தூக்கவே கூடாது. நிழலில் இருக்கிற அலமாரி நிழலில் இருக்கிற மாதிரித் தெரிந்தால்தான் பக்கத்தில் வெயில் வெயிலாகத் தெரியும். உங்கள் மெர்ஜில் குளம் சாம்பலானது அதனால்தான், இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

வெள்ளைத் துணி நடு சாம்பலுக்கு மேலே இரண்டே கால் ஸ்டாப் திருப்பி அனுப்பும். அது வெயிலில் இருந்தால் 1/60இல் மூன்றரை ஸ்டாப்பைத் தாண்டிவிடும், அங்கே ரா முடிந்துவிட்டது. அதற்காக 1/200க்கு இறங்கினால் அலமாரியில் நாய்ஸ் ஏறும், புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் எக்ஸ்போஷரைத் தொடாதீர்கள், மெத்தையை மாற்றுங்கள். வெயில் தென்கிழக்கிலிருந்து வருகிறது. வலது அலமாரியில் சாய்த்து வைத்த மெத்தையின் முகம் வடக்கே பார்க்கும், அதில் நேர் வெயில் படாது. இடது அலமாரியில் சாய்த்தால் முகம் தெற்கே பார்த்து முழு வெயிலையும் வாங்கும். வெள்ளை இரண்டையும் வலது பக்கம், கடுகு மஞ்சளை இடது பக்கம் வையுங்கள். கடுகு வெயிலில் அழகாகவும் இருக்கும்.

சுடர்_மதுரை

மூன்று ஸ்டாப் தூக்கினால் புத்தக முதுகில் நிறம் செத்துவிடும் அண்ணா. நான் ஒரு சின்ன ஃபிளாஷைப் பின் சுவரில் அடித்துத் திருப்பி அனுப்புவேன். முழு பவரில் எஃப் 8க்கு அலமாரியில் நடுவிலிருந்து இரண்டு மூன்று ஸ்டாப் கீழே விழும், சரியாக நமக்கு வேண்டிய இடம். தரை வெயிலில் அது தெரியவே தெரியாது.

நான் சொன்ன திரை பற்றியும் சொல்லுங்கள், அதைப் போடலாமா?

பழைய நெகட்டிவ்

திரை போட்டால் காண்ட்ராஸ்ட் இறங்கும் என்பது சரிதான் தம்பி. ஆனால் வெயில் குளத்துக்கு ஓரம் இருப்பதற்குக் காரணமே சூரியன் வானத்தில் அரை டிகிரி அளவுள்ள சின்ன வட்டம் என்பது. திரை போட்டதும் சன்னல் முழுவதும் விளக்காகிவிடும், கிரில் நிழல் போய்விடும், தரையில் பொதுவான வெளிச்சம்தான் மிஞ்சும். அவர் கேட்ட படமே அந்தக் குளம்தான். மெத்தையை மட்டும் எடுக்கிற நெருக்கப் படங்களுக்குத் திரை நல்லது.

ஃபிளாஷில் எனக்கு உடன்பாடு இல்லை. இருக்கைக்கு அடியில் இருக்கிற இழுப்பறைப் பக்கம் பாருங்கள், சன்னல் வெளிச்சத்தில் அது இயல்பாக இருட்டாக இருக்கும், பின்சுவரிலிருந்து ஃபிளாஷ் வந்ததும் அது முழுசாகத் தெரியும். வெளிச்சம் இரண்டு திசையிலிருந்து வருவது கண்ணுக்கு உடனே உறுத்தும். நான் ஒரு பெரிய தெர்மாகோல் பலகையைக் கேமராவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பேன். அரை ஸ்டாப் தூக்கும், அவ்வளவுதான், ஆனால் அறைக்குள் இருக்கிற வெளிச்சத்தின் நிறத்திலேயே வரும்.

சுடர்_மதுரை

பின்சுவர் வெள்ளையாக இருந்து ஃபிளாஷ் மென்மையாக விழுந்தால் உறுத்தாது. இழுப்பறையில் நல்ல மரவேலை செய்திருந்தால் வாடிக்கையாளர் அதைப் பார்க்க ஆசைப்படுவார், இருட்டில் விடக் கூடாது. இது எடுப்பவர் விருப்பம்.

நிழற்கோணம்

இழுப்பறை விஷயத்தில் நான் சுடர் பக்கம். ஆனால் ஒன்று, ரெட் ஆக்சைடுத் தரை வெயிலை வாங்கிக் கூரைக்கு இளஞ்சிவப்பாக அனுப்பும். ஃபிளாஷ் வெள்ளையாக வரும். வெள்ளைக் கூரையில் இரண்டும் கலந்தால் திட்டுத் திட்டாக நிறம் தெரியும், இதை அந்த மாதிரித் தரை உள்ள வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கவின்மனை (கோவை)

இன்று காலை மறுபடி போனோம். அந்த வீட்டு அம்மா மெத்தைகளை நீங்கள் சொன்ன மாதிரி மாற்றி வைக்கச் சம்மதித்தார்.

தென்மேற்கு மூலைக்கு வந்ததும் வெள்ளைத் திட்டு போயே போய்விட்டது, நம்பவே முடியவில்லை. போலரைசரை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன், பழைய நெகட்டிவ் சொன்னது சரிதான், தரை உயிரில்லாமல் ஆனது. பாதிக்குக் கொண்டுவந்ததும் சன்னல் கம்பிகளின் மங்கலான பிரதிபலிப்பு வலது பக்கம் இருக்கிறது, வெயில் இடது பக்கம் தனியாக இருக்கிறது. போலரைசர் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் தின்றது, அதனால் 1/60க்குப் பதில் 1/20 ஆனது. டிரைபாடில் அது ஒன்றும் இல்லை. ஃபேனை நிறுத்தி வைத்தோம், இல்லையென்றால் அலமாரியில் தொங்குகிற செடி இலை அசைந்துகொண்டே இருக்கும்.

டார்க்டேபிளில் பார்த்தபோது ராவில் முட்டியது இரண்டே இடம். ஒன்று கிரில் பெயின்ட்டில் வெயில் மின்னுகிற புள்ளிகள். இன்னொன்று கடுகு மெத்தையின் ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங், அதை மறந்தே போனோம். தரை எங்கேயும் முட்டவில்லை.

இப்போது சந்தேகம் எடிட்டில். ராவில் இருக்கிறது, ஆனால் ஜேபெக்காக மாற்றினால் தரை மறுபடி ஆரஞ்சாகிறது. ஹைலைட்டை முழுசாக இறக்கினால் சாம்பல் வருகிறது.

பழைய நெகட்டிவ்

கிரில் புள்ளிகளை விட்டுவிடுங்கள், உலோகம் மின்னத்தான் செய்யும், அதை அடக்கினால்தான் பொய்யாகத் தெரியும். பைப்பிங் ஒரு கோடுதான், அதுவும் போகட்டும், வேண்டுமென்றால் அடுத்த முறை மெத்தையைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

ஆரஞ்சுக்கு ஹைலைட் ஸ்லைடர் மருந்து இல்லை. அது மூன்று நிறத்தையும் சேர்த்து இறக்கும், உங்களுக்கு முட்டுவது சிவப்பு மட்டும். எஸ்.ஆர்.ஜி.பி.யில் அவ்வளவு அடர்த்தியான பிரகாசச் சிவப்புக்கு இடமில்லை, அதுதான் காரணம். ஹைலைட்டை மைனஸ் 30, 40 அளவில் நிறுத்துங்கள். அப்புறம் நிறவாரியாகச் சரிசெய்கிற இடத்தில் சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் அடர்த்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், வெயில் பட்ட இடத்தில் சிவப்பு எண் 225, 235க்குள் வரும் வரை. கர்சரை வைத்தால் எண் தெரியும். கிரில் நிழலும் வெயிலும் சேர்கிற ஓரத்தில் தரையின் விரிசல், தேய்ப்புக் கோடு எல்லாம் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். தரைதான் படத்தில் அதிகப் பிரகாசமான பெரிய பகுதியாக இருக்க வேண்டும், சுவர் அதைவிட வெளுப்பாக இருந்தால் சுவரைத்தான் இறக்க வேண்டும், தரையை அல்ல.

ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு வையுங்கள், ஏறக்குறைய 5000 கெல்வின். வலது பக்க வெள்ளை மெத்தை வானத்தின் நீலத்தில் கொஞ்சம் குளிராகத் தெரியும். அதை மட்டும் மாஸ்க் போட்டு அரைவாசி சூடாக்குங்கள், முழுசாக வேண்டாம். அலமாரிக்குள் எல்.இ.டி. இருந்தால் அணைத்துவிடுங்கள், மஞ்சள் விளக்கும் நீல நிழலும் ஒரே தட்டில் இருந்தால் புத்தகங்களின் நிறம் எதுவும் நம்பும்படி இருக்காது.

கவின்மனை (கோவை)

எல்.இ.டி. போட்டுத்தான் எடுத்தேன், எலக்ட்ரீஷியன் வேலையும் தெரியட்டும் என்று. அணைத்தும் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துச் செய்கிறேன்.

சிவப்பு அடர்த்தியைக் குறைத்ததும் தேய்ப்புக் கோடுகள் தெரிகின்றன! 230 வந்தது. கிரில்லின் பூ வளைவு நிழல் முழுசாக நிற்கிறது.

வேம்படி (நாகர்கோவில்)

ஜமுக்காளம் போட்டு எடுத்தேன், நன்றாக வந்தது. போலரைசர் கடன் வாங்கிப் பிடித்ததில் டைலில் டி.வி. பிரதிபலிப்பும் போய்விட்டது. ஆனால் ஃபோன் இன்னும் நிழலைத் தானாகவே தூக்குகிறது, மகள் உட்கார்ந்திருக்கிற மூலை பகல் நடுவில் எடுத்த மாதிரி இருக்கிறது. அதை நிறுத்த வழி உண்டா?

சுடர்_மதுரை

உங்கள் ஃபோனில் புரோ மோட் இருந்தால் ராவாகச் சேமிக்கச் சொல்லுங்கள், பல மாடல்களில் அப்போது இந்தத் தூக்கல் வராது, ஆனால் ஃபோனுக்கு ஃபோன் மாறும். இல்லையென்றால் எடுத்த பிறகு எடிட்டில் ஷேடோவைக் கீழே இழுங்கள், பாதியாவது திரும்பி வரும்.

கவின்மனை, அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு ஃபிரேம் ஃபிளாஷோடும் எடுத்து இரண்டையும் இங்கே போடுங்கள். கூரையில் நிறத் திட்டு வருகிறதா என்று நானும் நிழற்கோணமும் பார்த்துச் சொல்கிறோம்.

நிழற்கோணம்

பிப்ரவரி கடைசிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் காலை 9 மணிக்குச் சூரியன் இன்னும் உயரத்தில் இருக்கும், குளம் சுருங்கி இருக்கைக்கு அருகில் வந்துவிடும், கொஞ்சம் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும்.